லாகுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன 2

log, x, 2. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு கணக்குகளை எழுதிவிடலாம். log²x என்று எழுதினால், x-இன் மடக்கையைக் கண்டுபிடித்து, கிடைத்ததை வர்க்கப்படுத்த வேண்டும். log x² என்று எழுதினால், முதலில் x-ஐ வர்க்கப்படுத்தி, பிறகு மடக்கை எடுக்க வேண்டும். log₂x என்று எழுதினாலோ வர்க்கம் என்ற பேச்சே இல்லை. எத்தனை 2-களை ஒன்றோடொன்று பெருக்கினால் x வரும் என்பதுதான் கேள்வி.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் எழுத்துகளின் வரிசைகூட மாறவில்லை. அந்த 2 வரிக்குச் சற்று மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பது மட்டும்தான் வித்தியாசம். புத்தகத்தைக் கையில் வைத்துப் படிக்கும்போது இது யாருக்கும் சிரமமில்லை. அதே பக்கத்தைப் போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாங்கியவர் அதைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தகராறு தொடங்குகிறது. பிள்ளைகள் சந்தேகம் கேட்பதும், வீட்டுப்பாடம் அனுப்புவதும், பழைய வினாத்தாள்களைப் பகிர்வதும் இன்று பெரும்பாலும் படங்களாகத்தான். மற்றப் பாடங்களில் ஓர் எழுத்து மங்கினால் சொல்லை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். மடக்கையிலும் அடுக்கிலும் மங்குவது பெரும்பாலும் அந்தச் சின்ன எண்தான். கணக்கின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

பள்ளிக் கணக்கை மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 2³ = 8 என்பதில் 2 அடிமானம், 3 அடுக்கு. இதையே திருப்பிப் போட்டு, “2-க்கு என்ன அடுக்கு கொடுத்தால் 8 வரும்?” என்று கேட்டால் அதுதான் மடக்கை: log₂8 = 3. அடிமானத்தை log-க்குக் கீழே சிறிதாக எழுதுவார்கள். எழுதாமல் விட்டால், பள்ளிக் கணக்குகளில் பெரும்பாலும் 10 என்று பொருள். இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.

log²x − log x² − 3 = 0

இதில் இரண்டு சின்ன 2-கள் இருக்கின்றன. ஒன்று log-இன் தலைமேல், இன்னொன்று x-இன் தலைமேல். சரியாகப் படித்தவருக்கு இது எளிய கணக்கு. log x என்பதை L என்று வைத்தால் முதல் உறுப்பு L². இரண்டாவது உறுப்பு 2L, ஏனென்றால் மடக்கைக்குள் இருக்கும் அடுக்கு வெளியே வந்து பெருக்கலாக நிற்கும். ஆக L² − 2L − 3 = 0. இதைக் காரணிப்படுத்தினால் L = 3 அல்லது L = −1. ஆகவே x = 1000 அல்லது x = 0.1. இரண்டும் சுத்தமான விடைகள்.

படம் மங்கலாக இருந்து, முதல் 2-ஐ அடிமானமாகப் படித்துவிட்டால்? கணக்கு log₂x − log x² − 3 = 0 என்று மாறிவிடுகிறது. அடிமானம் 2-ஐ 10-க்கு மாற்ற, log x-ஐ 0.30103 ஆல் வகுக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 3.3219 ஆல் பெருக்க வேண்டும். அதிலிருந்து 2L-ஐக் கழித்தால் 1.3219 L = 3. L ஏறக்குறைய 2.269, x ஏறக்குறைய 186. பள்ளிக் கணக்கில் இப்படி ஒரு விடை வரவே வராது. இரண்டு விடைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் முடிவில்லாத தசமம். படித்ததில்தான் கோளாறு என்று கணக்கே சொல்கிறது.

இரண்டு 2-களையும் x-இன் தலைமேல் இருப்பதாகப் படித்தால் log x² − log x² − 3 = 0. அதாவது −3 = 0. தீர்வே கிடையாது. இதுவும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இடத்தில் மாணவர்கள் பலர் நம்பிச் செய்யும் ஒரு சோதனை அவர்களை ஏமாற்றிவிடுகிறது. log²x-ம் log x²-ம் ஒன்றா இல்லையா என்ற சந்தேகம் வந்ததும், கைக்கு எளிதான ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பார்கள். “100 போட்டுப் பார்த்தேன் சார், ரெண்டும் ஒண்ணுதான்” என்று வந்து சொல்வார்கள். உண்மைதான். log 100 = 2; அதன் வர்க்கம் 4. 100-இன் வர்க்கம் 10000; அதன் மடக்கையும் 4. சரி, 1 போட்டுப் பார்க்கலாம் என்றால் இரண்டுமே 0. L² = 2L என்ற சமன்பாட்டுக்கு L = 0, L = 2 என்று இரண்டே தீர்வுகள். அதாவது x = 1, x = 100 என்ற இரண்டு இடங்களில் மட்டும்தான் இவை ஒத்துப்போகும். யாருக்கும் முதலில் கைவருகிற எண்களும் அந்த இரண்டுதான். 1000 போட்டிருந்தால் ஒன்று 9, மற்றது 6 என்று பிரிந்திருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. விடையைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுச் சரிபார்க்கும் நல்ல பழக்கம் இங்கே உதவாது. தவறாகப் படித்த சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்திருந்தால், விடையும் அந்தத் தவறான சமன்பாட்டில் கச்சிதமாகப் பொருந்திவிடும். 186-ஐ log₂x − log x² − 3-இல் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 0 வந்துவிடும். சரிபார்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு மாணவர் நகர்ந்துவிடுவார். செய்த படிகள் ஒவ்வொன்றும் சரி. எடுத்துக்கொண்ட கணக்குதான் வேறு. அதனால் மதிப்பெண் போனபிறகும் எங்கே தப்பு என்று அவருக்குப் புரிவதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கஷ்டப்படும். மடக்கை தெரியாத பிள்ளை இல்லை அது.

படத்தில் அந்தச் சின்ன எண்ணுக்கு என்னதான் நேர்கிறது? ஒரு ஸ்கேலை எடுத்து அளந்தால் பாதி புரிந்துவிடும். கணித நூல்களை அச்சுக்கோக்க உலகெங்கும் பயன்படும் டெக் என்ற மென்பொருளை டொனால்டு குனூத் 1978-இல் வெளியிட்டார். அதன் வழக்கமான அமைப்பில் முதன்மை எழுத்து 10 புள்ளி அளவு, மேலொட்டும் கீழொட்டும் 7 புள்ளி, அவற்றுக்கும் மேலே ஏறும் ஒட்டு 5 புள்ளி. மில்லிமீட்டரில் சொன்னால் 10 புள்ளி இலக்கத்தின் உயரம் 2.3 மி.மீ. அளவு. அடுக்கில் இருக்கும் இலக்கம் 1.6 மி.மீ. அடுக்குக்குள் இன்னோர் ஒட்டாக வரும் இலக்கம் 1.1 மி.மீ.தான்.

அடுக்குக்குள் ஒட்டு எங்கே வரும் என்று தோன்றலாம். மேல்நிலைப் பாடத்தில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு, x-இன் தலைமேல் log₂x முழுவதும் அடுக்காக ஏறி உட்கார்ந்து, அதன் மதிப்பு 16 என்று கேட்கும். அந்த அடிமானம் 2, மேலொட்டுக்குள் இருக்கும் கீழொட்டு. 1.1 மி.மீ. உயரம்.

இனி படத்துக்கு வருவோம். ஏ4 பக்கம் 297 மி.மீ. நீளம். பகிரும்போது படம் சுருங்கி, நீளவாட்டில் 1600 பிக்சல்களாக வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கம் படத்தை முழுதாக நிறைத்திருந்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கு 5.4 பிக்சல்தான் கிடைக்கும். முதன்மை எழுத்துக்கு 12 பிக்சல் உயரம், அதைப் படித்துவிடலாம். அடுக்குக்கு 8 அல்லது 9. அடுக்குக்குள் இருக்கும் அந்த அடிமானத்துக்கு வெறும் 6 பிக்சல். 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் இடப்பக்கம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான். ஆறு பிக்சல் உயரத்தில் அந்தத் திறப்பு ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். லேசாகக் கை ஆடினால் அதுவும் மூடிக்கொள்ளும். மேசை, விரல், பக்கத்து நோட்டு எல்லாம் படத்துக்குள் வந்திருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

இலக்கத்தைவிடவும் பாவம் கழித்தல் குறி. அடுக்கில் வரும் கழித்தல் குறியின் தடிமன் 0.15 மி.மீ. அளவுதான். மேலே சொன்ன படத்தில் அது ஒரு பிக்சல்கூட இல்லை. ஒரு கோடு ஒரு பிக்சலைவிட மெல்லியதாக இருந்தால் அது கறுப்பாக விழாது, சாம்பல் நிறத்தில் வெளிறிவிடும். தாளின் நிழலோடு அது கலந்துவிட்டால் 10⁻³ என்பது 10³ ஆகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆயிரமாகிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு.

இதன் மேல் சுருக்கம் வேறு. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய வெளிச்ச மாற்றங்களைக் காப்பாற்றிக்கொண்டு நுணுக்கமான மாற்றங்களை முதலில் கைவிடும். முகங்களுக்கும் நிலக்காட்சிகளுக்கும் இது அருமையான ஏற்பாடு. 6 பிக்சல் உயரமுள்ள அடிமானம் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், அந்த எண்ணின் உருவம்தான் அங்கே கைவிடப்படும் நுணுக்கம். போதாததற்கு, தடித்த எழுத்துகளின் ஓரங்களில் இல்லாத சிறு புள்ளிகளும் தோன்றும். அவற்றில் ஒன்றைத் தசமப் புள்ளியாகவோ பெருக்கல் புள்ளியாகவோ கண் எடுத்துக்கொள்ளும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படமென்றால், இரைச்சலைக் குறைப்பதற்காகப் போனே மெல்லிய கோடுகளை வழித்துவிட்டிருக்கும்.

கையெழுத்தில் தொல்லை வேறு மாதிரி. கோடு போட்ட நோட்டில் கீழொட்டு சரியாகக் கோட்டின் மேல் விழும். அடுக்கோ மேல்கோட்டைத் தொடும். அதில் கழித்தல் குறி இருந்தால் நோட்டின் கோட்டோடு ஒட்டி மறைந்துவிடும். தாளின் மறுபக்கத்து மை ஊறித் தெரிந்தால் இல்லாத குறிகள் முளைக்கும். சாய்வாகப் படமெடுத்தால் பக்கத்தின் மேல்பகுதி எழுத்துகள் குறுகி, ஏற்கெனவே சின்னதாக இருப்பது இன்னும் சின்னதாகும்.

மங்கல் இருந்தால்தான் ஆபத்து என்றும் நினைத்துவிடக் கூடாது. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினியியலாளர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவன இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். மூன்று அறைகளின் பரப்பு வரைபடத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று வெவ்வேறாக இருந்தது. ஸ்கேன் செய்து வந்ததில் மூன்றுமே 14.13. எண்கள் துளியும் மங்கவில்லை, பளிச்சென்று இருந்தன. இடத்தை மிச்சப்படுத்த அந்தச் சுருக்கமுறை, ஒன்றுபோல் தெரியும் சிறு துண்டுகளை ஒரே துண்டாக எண்ணி, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஒட்டிவிட்டிருந்தது. சிறிய எழுத்துகளில் 6 இருந்த இடத்தில் 8 வருவதையும் அவர் கண்டார். நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. எழுத்து எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குத் துண்டுகள் ஒன்றுபோல் தெரியும். அடுக்கும் அடிமானமும் அந்த அளவில்தான் இருக்கின்றன.

அடுக்கில் இலக்கம் தெளிவாகத் தெரிந்தாலும் இன்னொரு குழப்பம் வரும்: அடுக்கு எங்கே முடிகிறது? இந்தச் சமன்பாட்டைப் பாருங்கள்.

2²ˣ⁺¹ − 9·2ˣ + 4 = 0

2ˣ-ஐ y என்று வைத்தால் 2²ˣ⁺¹ என்பது 2y². சமன்பாடு 2y² − 9y + 4 = 0 ஆகிறது. காரணிகள் (2y − 1), (y − 4). y = ½ அல்லது 4. ஆக x = −1 அல்லது 2. x = 2 என்று போட்டால் 32 − 36 + 4 = 0, சரியாக வருகிறது.

படத்தில் அடுக்கிலிருக்கும் +1 கொஞ்சம் இறங்கித் தெரிந்தால், வாசிப்பவர் 2²ˣ + 1 என்று எழுதிக்கொள்வார். இப்போது y² − 9y + 5 = 0. வர்க்கமூலத்துக்குள் 61 வந்து நிற்கும். X ஏறக்குறைய 3.07 அல்லது −0.75. கணக்குப் போட்டவர் இப்படி ஒரு விடைக்காகவா 9-ஐயும் 4-ஐயும் தேர்ந்தெடுத்திருப்பார் என்று சந்தேகப்பட இதுவே போதும். நடுவிலிருக்கும் பெருக்கல் புள்ளியைத் தசமப் புள்ளியாகப் படித்து 9.2ˣ என்று எழுதிக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு y என்று வைத்துச் சுருக்கவே வழியில்லாமல் போய்விடும். சிக்கிக்கொண்டோம் என்பதே அங்கே எச்சரிக்கை.

ஆனால் மூன்றாவது ஒரு தவறு இருக்கிறது. எல்லா அடுக்குகளும் கீழே இறங்கி, சமன்பாடு 22x + 1 − 9·2x + 4 = 0 என்று ஆகிவிட்டால்? படத்தைப் பார்த்து அவசரமாகத் தட்டச்சு செய்யும்போதும், மின்நூலிலிருந்து வரியை நகலெடுத்து ஒட்டும்போதும் இது நடக்கும். 22x − 18x = 4x. 4x + 5 = 0. x = −5/4. எவ்வளவு சுத்தமான விடை! கோணல்மாணலான தசமம் எதுவும் வந்து எச்சரிக்கவில்லை. விடையின் அழகை மட்டும் நம்பியிருந்தால் இங்கே ஏமாந்துபோவோம். காட்டிக்கொடுப்பது சமன்பாட்டின் முகம்தான். ஒருபடிச் சமன்பாடு போடுபவர் 9·2x என்று பிரித்து எழுத மாட்டார், 18x என்று எழுதிவிடுவார். 1-ஐயும் 4-ஐயும் தனித்தனியே விட்டுவைக்கவும் மாட்டார். எழுதியவர் இப்படி எழுத என்ன காரணம் என்று கேட்டுப் பார்த்தால், மேலேறியிருந்த எழுத்துகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

இதே கேள்வியை x-இன் தலைமேல் log₂x ஏறிய கணக்கிடமும் கேட்கலாம். அடிமானம் 6 பிக்சல் புள்ளியாக மட்டும் தெரிகிறது. 2-ஆ, 3-ஆ, 8-ஆ? வலப்பக்கம் 16 இருக்கிறது. 16 என்பது 2⁴. இரு பக்கமும் அடிமானம் 2-க்கு மடக்கை எடுத்தால் (log₂x)² = 4; x = 4 அல்லது ¼. அடிமானம் 8 என்று எடுத்தால் log₂x-இன் வர்க்கம் 12 ஆகி, வர்க்கமூலம் அடங்காது. 4 என்று எடுத்தால் 8 வரும், அதுவும் அடங்காது. 3 என்றால் 16-ஓடு ஒட்டவே ஒட்டாது. ஆக ஓரிலக்க அடிமானங்களில் 2 ஒன்றுதான் பொருந்துகிறது. வேடிக்கை என்னவென்றால், அடிமானம் 16 என்றாலும் கணக்கு அழகாக முடியும்: x = 16 அல்லது 1/16. அங்கே ஒரு இலக்கம் இருந்ததா இரண்டு இருந்தனவா என்பதைப் படத்தின் அகலத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஊகம் எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஊகம் ஒன்றுமே செய்ய முடியாத இடமும் உண்டு. log₁₀x = 3. விடை 1000. அந்த 10 கொஞ்சம் பெரிதாகத் தெரிந்து, log 10x = 3 என்று படித்தால் 10x = 1000, விடை 100. இரண்டுமே இயல்பான கேள்விகள், இரண்டுமே சுத்தமான விடைகள். சமன்பாட்டுக்குள் தேடினால் எந்தத் தடயமும் கிடைக்காது. உறுப்புகள் கூடக்கூடத் தடயமும் கூடும். log₁₀x + log₁₀(x − 3) = 1 என்றால் x(x − 3) = 10; எதிரெண்ணுக்கு மடக்கை இல்லை என்பதால் −2 கழிந்து, x = 5 மட்டும் நிற்கும். இதில் 10-களை மடக்கைக்குள் இழுத்துவிட்டால் 100x(x − 3) = 10 என்றாகி, வர்க்கமூலத்துக்குள் 9.4 வந்து உளறிவிடும். ஒற்றை உறுப்புக் கணக்குகள்தான் வாயைத் திறக்காதவை. அவற்றுக்கு அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: அதே பயிற்சியின் மற்றக் கணக்குகளில் அடிமானம் எழுதியிருக்கிறதா, கொடுத்திருக்கும் விடைத் தெரிவுகளில் எது இருக்கிறது, 10-க்கும் x-க்கும் நடுவே சிறு இடைவெளி தெரிகிறதா. அடிமானம் பின்னமாக இருக்கும் இடத்திலும் இப்படித்தான். அடிமானம் ½ என்றால் 8-இன் மடக்கை −3. பின்னக்கோடு மறைந்து 12 ஆகிவிட்டால் 0.84 அளவு. 8-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் ½ என்று ஊகித்துவிடலாம். 8-இன் இடத்தில் x இருந்தால் அதுவும் போச்சு.

அறிவியல் கணக்குகளில் ஒரு கூடுதல் வசதி உண்டு; எண்ணுக்குப் பின்னால் பொருள் இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் மதிப்பைக் கேட்டு, ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10-இன் ஏதோ ஓர் அடுக்கு என்று படம் காட்டுகிறது. கழித்தல் குறி மறைந்து 10³ என்று தெரிந்தால், ஒரு லிட்டரில் ஆயிரம் மோல் என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீரிலேயே சுமார் 55 மோல் தண்ணீர்தான் இருக்கிறது. ஆகவே அங்கே கழித்தல் குறி இருந்தே தீர வேண்டும். அடுக்கு −3-ஆ −8-ஆ என்று தெரியவில்லையா? −8 என்றால் பிஎச் 8, காரம். எலுமிச்சை புளிக்கும். ஆனால் −2-ஆ −3-ஆ என்ற சந்தேகத்தை நாக்கு தீர்த்துவைக்காது.

இந்தச் சின்ன எழுத்துகள் கணிதத்துக்குப் பிந்தி வந்தவைதான். அடுக்கை மேலே சிறிய எண்ணாக எழுதும் இன்றைய வழக்கம் பரவியது, பிரெஞ்சு அறிஞர் தெகார்த் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலுக்குப் பிறகு. அவரே வர்க்கத்தைப் பல இடங்களில் aa என்று இரட்டித்துத்தான் எழுதினார். நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணைகளை வெளியிட்டபோது அடிமானம் என்ற இன்றைய கருத்தே அதில் இல்லை. மடக்கையை அடுக்கோடு பிணைத்துத் தெளிவாக்கியவர் 18-ஆம் நூற்றாண்டின் ஆய்லர். பிறகு கணினி வந்தது. துளை அட்டையில் வரிக்கு மேலும் இடமில்லை, கீழும் இடமில்லை. அதனால் 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி அடுக்கை இரண்டு நட்சத்திரக் குறிகளால் ஒரே வரியில் எழுதச் செய்தது. இடமின்மையால் பிறந்த அந்த ஒருவரி எழுத்துமுறைதான் நம் சிக்கலுக்கு நல்ல மருந்து.

படத்தோடு சமன்பாட்டை ஒருமுறை தட்டச்சு செய்தும் அனுப்புங்கள். மேலே பார்த்தவற்றை இப்படி எழுதலாம்:

```
(log(x))^2 - log(x^2) - 3 = 0
2^(2x+1) - 9*2^x + 4 = 0
x^(log_2(x)) = 16
log_10(x) = 3
```

^ குறிக்குப் பின்னால் வருவது மேலே ஏறுகிறது, _ குறிக்குப் பின்னால் வருவது கீழே இறங்குகிறது. அடைப்புக்குறிகளை மட்டும் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. 2^2x+1 என்று எழுதினால் பல கணிப்பான்கள் அதை 2²-ஐ x-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டுவதாக, அதாவது 4x + 1 ஆக எடுத்துக்கொள்ளும். படத்தில் வந்த அதே குழப்பத்தை நாமே திரும்ப எழுதியது போலாகிவிடும். போனில் வாய்மொழியாகச் சொல்லும்போதும் “லாக் ஸ்கொயர் எக்ஸ்”, “லாக் எக்ஸ் ஸ்கொயர்” என்று வேகமாகச் சொன்னால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழும். “லாக் எக்ஸ், அது முழுசுக்கும் ஸ்கொயர்” என்று நிறுத்திச் சொல்ல வேண்டும்.

படமெடுக்கும்போது முழுப் பக்கத்தையும் எடுத்து ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டுவதைவிட, அந்தக் கணக்கை மட்டும் எடுப்பது பெரிய வித்தியாசத்தைத் தரும். 8 செ.மீ. அகலமுள்ள சமன்பாடு 1600 பிக்சலை நிறைத்தால் மில்லிமீட்டருக்கு 20 பிக்சல். ஆறு பிக்சலாக இருந்த அந்த அடிமானம் இப்போது 22 பிக்சல் உயரத்தில் நிற்கும். 3-ஐயும் 8-ஐயும் யாரும் பிரித்துச் சொல்லலாம். போனைத் தாளுக்கு மிக அருகே கொண்டுபோனால் ஃபோகஸ் பிடிக்காது. சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு வேண்டிய பகுதியை வெட்டி அனுப்புவதே நல்லது. அனுப்பும் முன்பே வெட்ட வேண்டும். முழுப் படமாகப் போய்ச் சுருங்கிய பிறகு பெறுபவர் பெரிதாக்கினால் பிக்சல்தான் பெரிதாகும், எழுத்து தெளியாது. படமாக அனுப்பாமல் கோப்பாக, டாக்குமெண்டாக அனுப்பினால் சுருக்கமும் தவிர்ந்துவிடும். வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வரட்டும். போனின் நிழல் தாளில் விழக்கூடாது.

எழுதுகிறவர் பக்கமும் கொஞ்சம் பொறுப்பு இருக்கிறது. வினாத்தாள் எழுதும் ஆசிரியர்கள் log²x என்பதற்குப் பதில் (log x)² என்று எழுதினால் ஒரு பெருங்குழப்பம் அங்கேயே ஒழியும். அடைப்புக்குறி முழு உயரமுள்ளது, எந்தப் படத்திலும் மறையாது. அதேபோல் log₁₀(x) என்று x-ஐ அடைப்புக்குள் போட்டுவிட்டால், 10 சற்றுப் பெரிதாகத் தெரிந்தாலும் தனித்து நிற்கும். எண்களுக்கு நடுவே புள்ளிக்குப் பதில் × குறி. கோடு போட்ட நோட்டில் மடக்கைக் கணக்குகளை ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதலாம். அடுக்கில் வரும் கழித்தல் குறியை இலக்கத்தின் அகலத்துக்கு நீட்டி, நோட்டின் கோட்டைத் தொடாமல் இழுக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் கையில் இருப்பது மங்கலான ஒரு படம் மட்டும்தான், கேட்டுத் தெளிய ஆளில்லை என்றால், விடைத்தாளின் முதல் வரியில் சமன்பாட்டைத் தான் படித்தபடி முழுதாக எழுதிக்கொள்ள வேண்டும். “அடிமானம் 10 என்று எடுத்துக்கொண்டேன்” என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போடலாம். திருத்துகிறவர் அந்த வரியைப் பார்த்ததும், பிள்ளை கணக்கில் தவறியதா கண்ணில் தவறியதா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.